‘திருப்பிச் சொல்லுங்க, சிஸ்டர்’

இரவு 10.38. மாவட்டத் தலைநகர் ஒன்றின் மருத்துவமனை ஆய்வகத்தில் இரவுப் பணிக்கு ஒரே ஒரு டெக்னீஷியன். கருவியின் திரையில் வரிசையாக எண்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒரு வரி மட்டும் சிவப்பாகத் தெரிகிறது: பொட்டாசியம் 7.1.

இந்த இரவு இக்கட்டுரைக்காகக் கோத்துச் சொல்லப்படுவது. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு படியும் மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பதுதான்.

ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5.1 மில்லிமோல் வரை இருக்கலாம். இந்த உப்பின் அளவைச் சார்ந்துதான் இதயத் தசைகளின் மின்துடிப்பு சீராக ஓடுகிறது. 6.5-ஐத் தாண்டினால் துடிப்பு தடம் புரளும் அபாயம் உண்டு. கொடுமை என்னவென்றால், நோயாளிக்கு வலியே இல்லாமல் இருக்கலாம். கொஞ்சம் அசதி, கால் பலவீனம், அவ்வளவுதான். கட்டிலில் பேசிக்கொண்டிருப்பவருக்குச் சில நிமிடங்களில் இதயம் நின்றுபோகக்கூடும் என்ற செய்தி, அந்த நேரத்தில் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் நோயாளியைப் பார்த்ததே இல்லை. அவர் கையில் இருப்பது ஒரு ரத்தக் குழாயும் ஒரு தொலைபேசியும்.

இப்படிப்பட்ட முடிவுகளை ஆய்வகங்களில் ‘கிரிட்டிக்கல் வேல்யூ’ என்கிறார்கள். பழைய ஆட்கள் ‘பேனிக் வேல்யூ’ என்பார்கள். அந்தப் பெயரோடு இந்தக் கருத்தை 1972-இல் எழுதி முன்வைத்தவர், லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றிய நோய்க்குறியியல் மருத்துவர் ஜார்ஜ் லண்ட்பர்க். அச்சிட்ட அறிக்கை வார்டுக்குப் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்காமல், உயிருக்கு ஆபத்தான எண்ணை ஆய்வகமே தேடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்றார் அவர். இன்று ஆய்வகங்களுக்கான பன்னாட்டுத் தர விதியான ஐ.எஸ்.ஓ. 15189 இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தியாவில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் கேட்கும் மருத்துவ ஆய்வகங்கள் இந்த விதியின்படிதான் சோதிக்கப்படுகின்றன.

சொல்ல வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது, சொன்னதற்கு என்ன சாட்சி என்பதில்தான் உயிர்கள் நழுவுகின்றன.

சிவப்பு வரியைப் பார்த்த டெக்னீஷியனின் கை முதலில் போவது தொலைபேசிக்கு அல்ல, அந்த ரத்தக் குழாய்க்கு. பொட்டாசியம் பொய் சொல்லக்கூடிய பரிசோதனை. ரத்த அணுக்களுக்கு உள்ளே பொட்டாசியம் மிக அதிகம், வெளியே உள்ள சீரத்தில் மிகக் குறைவு. ஊசியில் ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் உள்ளே இருப்பது வெளியே கொட்டி, எண் ஏறிவிடும். அப்படி உடைந்திருந்தால் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் ரோஜா நிறமாகவோ சிவப்பாகவோ மாறியிருக்கும். மையச்சுழற்சி செய்யாமல் ரத்தத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தாலும் பொட்டாசியம் மெல்லக் கசியும், ஆனால் அப்போது நிறம் மாறாமலே இருக்கலாம். இன்னொரு தவறும் உண்டு. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போடுகிற மருந்து பொட்டாசியம் உப்புதான். ரத்தம் போதவில்லையென்று யாராவது அந்தக் குழாயிலிருந்து கொஞ்சம் இந்தக் குழாய்க்கு ஊற்றியிருந்தால் பொட்டாசியம் எகிறும். கூடவே கால்சியம் நம்ப முடியாத அளவுக்குச் சரிந்திருக்கும். அந்த இரண்டும் சேர்ந்து வந்தால், அனுபவம் உள்ளவர் உடனே குழாயைச் சந்தேகிப்பார்.

நம் டெக்னீஷியன் பார்க்கிறார். சீரம் தெளிவாக இருக்கிறது. கால்சியம் 8.9, சரியான அளவு. ரத்தம் எடுத்த நேரம் 9.50, ஆய்வகத்துக்கு வந்தது 10.05, தாமதம் இல்லை. முந்தைய நாள் இதே நோயாளிக்குப் பொட்டாசியம் 5.6 என்று கணினி காட்டுகிறது. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது என்று பொருள். இதற்கெல்லாம் அவருக்கு ஆனது நான்கு நிமிடம். ‘எதற்கும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாமே’ என்று பல ஆய்வகங்களில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் இன்றைய கருவிகளில் மறு ஓட்டம் பெரும்பாலும் அதே எண்ணைத்தான் தருகிறது. சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் ஓட்டலாம். காரணம் இல்லாமல் ஓட்டுகிற அந்த நிமிடங்கள் நோயாளியின் கணக்கிலிருந்துதான் போகின்றன.

ஒருவேளை சீரம் சிவப்பாக இருந்திருந்தால்? அப்போதும் அழைத்தே ஆக வேண்டும். ‘அணுக்கள் உடைந்திருக்கின்றன, இந்த எண்ணை நம்ப முடியவில்லை, உடனே புது ரத்தம் எடுத்து அனுப்புங்கள்’ என்று சொல்ல வேண்டும். அழைக்காமல் மாதிரியை நிராகரித்துவிட்டுக் காலை வரை விட்டுவிடுவது மிக ஆபத்து. உடைந்த அணுக்களுக்குப் பின்னால் உண்மையான உயர்வும் ஒளிந்திருக்கலாம்.

10.43-க்கு வார்டில் தொலைபேசி அடிக்கிறது.

“சிஸ்டர், லேப்ல இருந்து கார்த்தி பேசுறேன். கிரிட்டிக்கல் ரிசல்ட் ஒண்ணு இருக்கு. நோட்டை எடுத்துக்கங்க, எழுதிக்கங்க.”

“சொல்லுங்க தம்பி, எழுதுறேன்.”

“லட்சுமி, வயசு 58, ஐ.பி. நம்பர் நாலு நாலு ஏழு ஒண்ணு. பொட்டாசியம் ஏழு, புள்ளி, ஒண்ணு. பத்து மணிக்குள்ள எடுத்த சாம்பிள். இப்ப எழுதுனதைத் திருப்பிச் சொல்லுங்க, சிஸ்டர்.”

“லட்சுமி, பன்னெண்டாம் பெட்டு, ஐ.பி. நாலு மூணு எட்டு எட்டு, பொட்டாசியம் ஏழு புள்ளி ஒண்ணு.”

“இல்ல சிஸ்டர். ஐ.பி. நம்பர் நாலு நாலு ஏழு ஒண்ணு.”

ஒரு கணம் மௌனம். பிறகு, “அட, அது இருபத்தொண்ணாம் பெட்டு லட்சுமி!”

எண் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆள்தான் மாறிவிட்டார். அன்று வார்டில் இரண்டு லட்சுமிகள். செவிலியருக்கு அன்று முழுக்க மனத்தில் இருந்தவர் 12-ஆம் கட்டில் லட்சுமி, ஏனென்றால் அவருக்குத்தான் மாலையிலிருந்து மூச்சிரைப்பு. பெயரைக் கேட்டதும் கை தானாக அந்த கேஸ் ஷீட்டுக்குப் போனது, அதிலிருந்த எண்ணையே எழுதிவிட்டது. செவிலியர் அசட்டையாக இருந்ததால் வந்த பிழை இல்லை இது. தெரிந்த பெயரைக் கேட்டதும் மனம் தெரிந்த முகத்தை இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்டவர்கள் ஒரே வார்டில் படுத்திருக்கும் நம் ஊரில், பெயரை மட்டும் வைத்துச் சொல்லப்படும் முடிவு பாதி முடிவுதான். பெயரோடு ஐ.பி. எண்ணோ பதிவு எண்ணோ கண்டிப்பாக வேண்டும். கட்டில் எண் போதாது, கட்டிலை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடுகிறார்கள்.

திருப்பிச் சொல்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காதில் விழுந்ததை அப்படியே எதிரொலிப்பது போதாது. முதலில் எழுத வேண்டும், பிறகு எழுதியதைப் பார்த்துப் படிக்க வேண்டும். காது சரியாகக் கேட்டுக் கை தவறாக எழுதியிருந்தால், வெறும் எதிரொலி அதைக் காட்டிக்கொடுக்காது. அழைப்பவர் பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. “ஏழு புள்ளி ஒண்ணுதானே எழுதுனீங்க?” என்று அவரே கேட்டால், அவசரத்தில் இருப்பவர் “ஆமா ஆமா” என்று சொல்லிவிடுவார். எண் மறுமுனையில் இருப்பவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். “சரி, போட்டுக்கிட்டேன்” என்பது திருப்பிச் சொன்னதாகாது.

இதனால் உண்மையில் பயன் உண்டா என்று அமெரிக்க ஆய்வகத்தார் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2004-இல் ஜோன் பேரன்ஃபேங்கரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத்திலிருந்து போன 822 தொலைபேசி அழைப்புகளில் 29-இல் பிழை இருந்தது. அதாவது நூற்றுக்கு மூன்றரை. நோயாளியின் பெயர் மாறியதும் முடிவு மாறியதும்தான் அவற்றில் அதிகம். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், 2003-இல் தொடங்கிய தன் பாதுகாப்பு இலக்குகளில் இந்தத் திருப்பிப் படித்தலைச் சேர்த்தது. விமானிகள் கட்டுப்பாட்டு அறையின் உத்தரவைத் திருப்பிச் சொல்லிவிட்டே செயல்படும் அதே முறைதான்.

எண்களில் தமிழுக்கென்று சில குழிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் தொலைபேசியில் ஒன்றுபோலக் கேட்கும். தமிழில் பதினைந்தும் ஐம்பதும் குழம்பாது. ஆனால் எழுபதும் எண்பதும் குழம்பும். அதனால்தான் அந்த டெக்னீஷியன் இலக்கம் இலக்கமாகச் சொன்னார். டெங்கு காலத்தில் இதைவிடப் பெரிய குழி ஒன்று திறக்கிறது. நம் ஆய்வகங்கள் பலவற்றில் தட்டணுக்களை லட்சத்தில் எழுதுகிறார்கள். ஒருவருக்கு 12,000 தட்டணு என்றால் அறிக்கையில் 0.12 லட்சம் என்று இருக்கும். தொலைபேசியில் அதை “பாயின்ட் ஒன் டூ” என்று சொல்ல, மறுமுனையில் “ஒன் பாயின்ட் டூ லேக்ஸ்” என்று எழுதிக்கொண்டால், ரத்தக்கசிவு அபாயத்தில் இருப்பவர் 1,20,000 தட்டணுவோடு கிட்டத்தட்ட ஆரோக்கியமானவராகிவிடுவார். சொல்பவர் “பன்னிரண்டாயிரம், ஒண்ணு ரெண்டு, அப்புறம் மூணு சைபர்” என்று முழு எண்ணாகவே சொல்லிவிட்டால் தசமப்புள்ளிக்கு வேலையே இல்லை.

வார்டுக்குத் திரும்புவோம். அழைப்பு 10.45-க்கு முடிந்தது. எண்ணும் ஆளும் சரியாகிவிட்டன. ஆனால் இந்தச் செய்தி இன்னும் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. பொட்டாசியத்தை இறக்க மருந்து எழுதும் அதிகாரம் செவிலியருக்கு இல்லை. அப்படியானால் ஆய்வகம் மருத்துவரையே நேராக அழைத்திருக்க வேண்டாமா? சில மருத்துவமனைகள் அப்படித்தான் விதி வைத்திருக்கின்றன. வேறு பல இடங்களில் வார்டுச் செவிலியரிடம் சொன்னால் போதும், ஏனென்றால் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் அவர்தான், தொலைபேசியை எடுப்பவரும் அவர்தான். இரண்டு முறைக்கும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டாவது முறையில் சங்கிலிக்கு இன்னொரு கண்ணி கூடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆய்வகத்திலிருந்து செவிலியருக்குப் போன அழைப்பு அழகாகப் பதிவாகியிருக்கும். செவிலியரிடமிருந்து மருத்துவருக்குப் போன சொல் எங்கும் எழுதப்பட்டிருக்காது. பிறகு விசாரணை வந்தால், செய்தி தொலைந்த இடம் அநேகமாக அந்த இரண்டாவது கண்ணிதான். ஆகவே அங்கேயும் அதே முறைதான் வேண்டும்: எழுது, திருப்பிச் சொல், நேரத்தைக் குறி.

யாரிடம் சொல்லக் கூடாது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடே இல்லை. வார்டு உதவியாளர், வரவேற்பு மேசையில் இருப்பவர், நோயாளிக்குத் துணையாக இருக்கும் உறவினர் ஆகியோரிடம் எண்ணைச் சொல்லி ‘சொல்லிடுங்க’ என்று வைத்துவிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பி இரண்டு நீலக் கோடு வந்துவிட்டது என்பதும் கணக்கில் சேராது. செய்தி திறக்கப்பட்டது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டும். அவர் புரிந்துகொண்டாரா, அப்போது பணியில் இருந்தாரா என்பதை அவை சொல்லாது.

செவிலியர் பணி மருத்துவரை 10.47-க்கு அழைக்கிறார். 10.52-க்கு மருத்துவர் கட்டிலருகே. இ.சி.ஜி.யில் ‘டி’ அலைகள் கூடாரம்போல் உயர்ந்து கூர்மையாக நிற்கின்றன. இதயம் ஏற்கெனவே பொட்டாசியத்தின் பிடியில் இருக்கிறது. 10.58-க்குக் கால்சியம் குளுக்கோனேட் நரம்பு வழியாக மெதுவாக ஏற்றப்படுகிறது. இது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குக் கொஞ்ச நேரக் காப்பு மட்டும் கொடுக்கும். அடுத்து இன்சுலினும் குளுக்கோஸும். அவை பொட்டாசியத்தை அணுக்களுக்குள் தள்ளும். உடலை விட்டே வெளியேற்ற டயாலிசிஸ் ஏற்பாடாகிறது. சிவப்பு வரி தெரிந்ததிலிருந்து முதல் ஊசி வரை 20 நிமிடம்.

இந்த 20 நிமிடத்தை நாம் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது ஆய்வகத்தின் பதிவேட்டால்தான். அந்தப் பதிவேட்டின் ஒரு வரியில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. நோயாளியின் பெயரும் எண்ணும், பரிசோதனையும் முடிவும், முடிவு தயாரான நேரம், அழைத்த நேரம், அழைத்தவர் யார், கேட்டவர் பெயரும் பதவியும், திருப்பிச் சொன்னாரா இல்லையா. ‘வார்டுக்குச் சொல்லப்பட்டது’ என்று எழுதுவதால் பயனில்லை, வார்டுக்குக் காது கிடையாது. ‘உடனே’ என்ற சொல்லும் நேரமாகாது.

எத்தனை நிமிடத்துக்குள் அழைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் மருத்துவர்களோடு பேசி முடிவுசெய்கிறது. 15, 30, 60 நிமிடம் என்று வெவ்வேறு வரம்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. எந்த எண்ணாக இருந்தாலும் கடிகாரம் ஓடத் தொடங்குவது முடிவு தயாரான கணத்திலிருந்துதான், எல்லா மாதிரிகளும் முடிந்து அறிக்கை அச்சாகும் நேரத்திலிருந்து அல்ல. இங்கே சிறிய விஷயம் ஒன்று பெரிய தொல்லை தரும். கருவிக்கு ஒரு கடிகாரம், ஆய்வகக் கணினிக்கு ஒன்று, சுவரில் ஒன்று, வார்டில் ஒன்று, கைபேசியில் ஒன்று. ஐந்தும் ஐந்து நேரம் காட்டும். கருவியின் கடிகாரம் ஆறு நிமிடம் முந்தி ஓடினால், முடிவு வருவதற்கு முன்பே அழைப்பு போனதாகப் பதிவாகும். நல்ல ஆய்வகங்களில் இந்தக் கடிகாரங்களை ஒப்பிட்டுச் சரிசெய்வது ஒருவருடைய வேலையாகவே ஒதுக்கப்பட்டிருக்கும்.

பதிவேடு உண்மையா, பணி முடிந்து கிளம்பும்போது மொத்தமாக நிரப்பியதா என்பதைக் கண்டுபிடிக்கத் தணிக்கைக்கு வருபவர்களுக்குத் தெரியும். உண்மையான நேரங்கள் 10.43, 11.17, 2.08 என்று சிதறிக் கிடக்கும். மொத்தமாக நிரப்பியவை 10.45, 11.15, 2.10 என்று ஐந்திலும் பூஜ்யத்திலும் வரிசையாக முடியும். திருப்பிச் சொன்னாரா என்ற கட்டத்தில் ஒரு மாதம் முழுக்க ‘ஆம்’ மட்டுமே இருந்து, எங்குமே ‘திருத்தப்பட்டது’ என்று ஒரு வரிகூட இல்லையென்றால் அதுவும் சந்தேகத்துக்கு உரியது. நம் டெக்னீஷியன் அன்று எழுதிய வரியில், ‘ஐ.பி. எண் தவறாகத் திருப்பிச் சொல்லப்பட்டது, திருத்தப்பட்டது’ என்று இருந்தது. அப்படி ஒரு வரி எழுதியதற்காக யாரும் யாரையும் கடிந்துகொள்ளக் கூடாது. கடிந்துகொண்டால் அடுத்த மாதம் அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ மட்டும்தான் இருக்கும்.

இவ்வளவும் மருத்துவமனைக்கு உள்ளே நடப்பது. அங்கே எந்த இரவிலும் ஒரு செவிலியராவது விழித்திருக்கிறார். உண்மையான சிக்கல் வெளி ஆய்வகங்களில். மாலை ஐந்தரைக்கு ஊர் முனையில் உள்ள சேகரிப்பு மையத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். ரத்தம் வண்டியேறி நகரத்துக்கு வந்து இரவு பத்தேகாலுக்குக் கருவியில் ஓடுகிறது. இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அவர் என்று வைத்துக்கொள்வோம். ஐ.என்.ஆர். என்ற எண் அவருக்கு மூன்றையொட்டி இருக்க வேண்டும். வந்திருப்பது 9.2. மூளையிலோ குடலிலோ எப்போது வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம்.

சீட்டில் மருத்துவர் பெயர் இருக்கிறது, பெயருக்குக் கீழே கிளினிக் எண். ஒன்பது மணிக்குக் கிளினிக் பூட்டியாகிவிட்டது. இங்கேதான் ‘அடுத்து யார்’ என்ற வரிசை முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். இரவு பத்தரைக்கு உட்கார்ந்து யோசிக்கிற காரியம் அல்ல இது. எடுக்காத அழைப்பும் பதிவேட்டில் ஏற வேண்டும். முயன்றதற்கு அதுவே சாட்சி, அடுத்த படிக்குப் போக அதுவே அனுமதி.

10.24, கிளினிக், யாரும் எடுக்கவில்லை. 10.27, மருத்துவரின் கைபேசி, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. 10.30, சேகரிப்பு மையப் பொறுப்பாளர், மருத்துவருக்கு வேறு எண் அவரிடமும் இல்லை. 10.32, ஆய்வகத்தின் பணி மருத்துவருக்குத் தகவல். வரிசையின் கடைசிப் படி நோயாளியின் வீடுதான். ஆனால் அந்த அழைப்பை டெக்னீஷியன் செய்யக் கூடாது, மருத்துவரே செய்ய வேண்டும். வீட்டில் இருப்பவருக்கு 9.2 என்ற எண்ணால் ஒரு பயனும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தேவை.

10.36-க்கு நோயாளியின் மனைவி எடுத்தார்.

“அம்மா, லேப்ல இருந்து டாக்டர் பேசுறேன். உங்க வீட்டுக்காரர் முழிச்சிருக்காரா? எங்கயாவது ரத்தம் வருதா, தலைவலி, வாந்தி இருக்கா?”

“தூங்கிட்டாரு டாக்டர். பல்லு வெளக்கையில ரத்தம் வந்துச்சுன்னு சொன்னாரு.”

“எழுப்புங்க. ரத்தம் ரொம்ப நீர்த்துப்போயிருக்கு, இன்னைக்கு ராத்திரியே பார்க்கணும். ராத்திரி மாத்திரை போட வேணாம். பெரியாஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க, அவர் வண்டி ஓட்டக் கூடாது. மாத்திரை அட்டை, பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கங்க. இப்ப நான் சொன்னதை நீங்க ஒருவாட்டி சொல்லுங்கம்மா.”

“மாத்திரை போடக் கூடாது. பெரியாஸ்பத்திரி, எமர்ஜென்சி. அவரு வண்டி எடுக்கக் கூடாது, எந்தம்பியைக் கூப்பிடுறேன். மாத்திரை அட்டை, பழைய ரிப்போர்ட்டு.”

பதிவேட்டில் அந்த மருத்துவர் எழுதினார்: ‘10.39, நோயாளியின் மனைவி, திருப்பிச் சொன்னார், சரி. அறிக்கை கைபேசிக்கு அனுப்பப்பட்டது.’ அதற்குக் கீழே மறுநாள் காலைப் பணிக்கு வந்தவரின் கையெழுத்தில் இன்னொரு வரி: ‘9.06, கிளினிக், மருத்துவரிடம் நேரில் பேசியது, திருப்பிச் சொன்னார். நோயாளி இரவு 11.50-க்கு அனுமதிக்கப்பட்டதாகத் தகவல். மருத்துவரின் வீட்டு எண் பெற்றுப் பதிவு செய்யப்பட்டது.’